டிரிம் செய்தபின் ‘சேமி’யா, ‘நகலாகச் சேமி’யா: மூல வீடியோ எங்கே போகிறது?

மாட்டுங்காவாசி | 9 ஜூலை 2024, காலை 7.40

ஞாயிறு காலை எங்கள் சமையலறைக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியதை 11 நிமிடம் 20 விநாடிக்கு வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். கோப்பின் அளவு 1.4 ஜிபி. சொசைட்டி செயலாளருக்கு அனுப்ப அதில் 1 நிமிடம் 20 விநாடி போதும். கேலரியில் இரு முனைகளையும் இழுத்து வெட்டிவிட்டு மேலே தட்டினால் ‘சேமி’, ‘நகலாகச் சேமி’ என்று இரண்டு வாய்ப்புகள் வருகின்றன. போனில் 600 எம்பி இடம்தான் மீதி இருக்கிறது. மீதிப் பத்து நிமிடத்தில் என் மூச்சிரைப்பும் பாத்திரம் நகர்த்தும் சத்தமும் தவிர ஒன்றும் இல்லை என்பதால் ‘சேமி’யைத் தட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். தவறாகிப்போனால் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

சயான் சரோஜா | 9 ஜூலை, காலை 8.15

தயங்காமல் ‘சேமி’யைத் தட்டுங்கள். இந்தக் காலத்துப் போன்கள் எல்லாமே மூல வீடியோவைத் தமக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் வெட்டுகின்றன. பேத்தியின் பாட்டு வகுப்பு வீடியோக்களை நான் தினமும் இப்படித்தான் வெட்டுகிறேன். வேண்டும்போது மறுபடியும் எடிட்டுக்குள் போய் `Revert` என்பதைத் தட்டினால் முழு வீடியோவும் திரும்பி வந்துவிடுகிறது. இடமும் மிச்சமாகிறது.

அந்தேரி மணி | 9 ஜூலை, காலை 9.05

இதற்குக் கேலரி எதற்கு? வாட்ஸாப்பில் வீடியோவைத் தேர்ந்தெடுத்தவுடன் மேலே ஒரு பட்டை வருகிறது, அதிலேயே இரு முனைகளையும் இழுத்து வெட்டி அனுப்பிவிடலாம். செயலாளர் வாட்ஸாப்பில்தானே இருக்கிறார்?

மாட்டுங்காவாசி | 9 ஜூலை, காலை 9.30

மணி அவர்களே, அனுப்புவது எப்படி என்று நான் கேட்கவில்லை. வெட்டியபின் என் கையில் எது மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

கோடுவழி | 9 ஜூலை, இரவு 10.10

மாட்டுங்காவாசி ஐயா, இதைப் படிக்கும்வரை எந்தப் பொத்தானையும் தொடவேண்டாம். சில ஆண்டுகள் ஒரு போன் நிறுவனத்தின் கேலரிச் செயலியில் வேலை பார்த்தவன் நான். இந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் அடித்துக்கொண்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

‘சேமி’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் முற்றிலும் வேறான இரண்டு செயல்கள் இருக்கக்கூடும். சரோஜா அம்மா சொல்வது ஐபோனுக்குச் சரி. அங்கே `Save Video` என்று கொடுத்தால் திரையில் வெட்டிய வீடியோ மட்டும் தெரியும், மூலம் பின்னணியில் அப்படியே இருக்கும், `Revert` அதைத் திருப்பித் தரும். ஆனால் மூலம் அங்கேயே இருப்பதால் அந்தச் சேமிப்பில் இடம் எதுவும் மிச்சமாவதில்லை. அதே ஐபோனில் `Save Video as New Clip` என்று கொடுத்தால் துண்டு தனி வீடியோவாக நிற்கும். மூலம் தனியாக இருக்கும், ஆனால் அந்தத் துண்டைத் திரும்ப முழு வீடியோவாக்க முடியாது.

இரண்டாவது வகையில் பின்னணி என்று ஒன்றும் கிடையாது. வெட்டிய துண்டை எழுதி, அதை மூலத்தின் பெயரிலேயே மூலத்தின் இடத்தில் வைத்துவிடுவார்கள். ஆண்ட்ராய்டு போன்களில் எது நடக்கும் என்பது கேலரியை எழுதியவரின் முடிவைப் பொறுத்தது. கூகுள் போட்டோஸில் வீடியோவை வெட்டினால் நகலாகத்தான் சேமிக்கும். ஆண்ட்ராய்டோடு வந்த பழைய கேலரியும் எப்போதும் `TRIM_` என்று தொடங்கும் புதுப்பெயரில்தான் துண்டை எழுதியது. மற்றவர்கள் அவரவர் வழி.

குப்பைத்தொட்டியை நம்புவதுதான் இதில் பெரிய பொறி. ஒரு வீடியோவை அழித்தால் அது தொட்டிக்குப் போகும், பெரும்பாலும் 30 நாள் அங்கே கிடக்கும். மேலெழுதுவது அழிப்பது ஆகாது. போனின் கணக்கில் அந்தப் பெயருள்ள வீடியோ எங்கும் போய்விடவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதன் உள்ளடக்கம் மட்டும் மாறியிருக்கிறது. எனவே தொட்டிக்குள் போட அதற்கு எதுவும் இல்லை.

உங்கள் போன் எந்த வகை என்பதை என்னிடம் கேட்பதைவிட அதனிடமே கேளுங்கள். மின்விசிறியை நாற்பது விநாடி வீடியோ எடுத்து, விவரங்கள் பக்கத்தில் அதன் பெயர், அளவு, தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து பத்து விநாடியை வைத்துக்கொண்டு ‘சேமி’ கொடுங்கள். பிறகு அளவு குறைந்திருக்கிறதா, எடிட்டுக்குள் மீட்டமைக்கும் வழி இருக்கிறதா, தொட்டியில் ஏதாவது விழுந்திருக்கிறதா, போனின் மீதி இடம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டுங்காவாசி | 10 ஜூலை, காலை 6.50

செய்து பார்த்தேன். மின்விசிறி வீடியோ 40 விநாடி, 85 எம்பி. 12ஆம் விநாடியிலிருந்து 22ஆம் விநாடிவரை வைத்துக்கொண்டு ‘சேமி’ கொடுத்தேன். பெயர் மாறவில்லை, அளவு 23 எம்பி ஆகிவிட்டது. எடிட்டுக்குள் மீட்டமைக்க எந்தப் பொத்தானும் இல்லை. தொட்டி காலி. மீதி இடம் ஏறத்தாழ 60 எம்பி கூடியிருக்கிறது. அதாவது மூலம் உண்மையாகவே போய்விட்டது. நேற்று காலை காபி ஆறியிருந்தால் நான் பொத்தானைத் தட்டியிருப்பேன். சூடாக இருந்ததால் முதலில் இங்கே எழுதினேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. பத்து விநாடிதான் வைத்தேன், ஆனால் வெட்டிய வீடியோ பதினொரு விநாடி ஓடுகிறது. நான் தொடங்கச் சொன்ன இடத்துக்கு ஒரு விநாடி முன்பே அது தொடங்கிவிடுகிறது. கை நடுங்கியதா?

தாராவி ஸ்டுடியோ | 10 ஜூலை, காலை 11.25

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். நான் சொல்லப்போவது என் சொந்த முட்டாள்தனம். என் தங்கையின் வளைகாப்பை பெரிய கேமராவை எடுத்துவராமல் போனிலேயே 26 நிமிடம் எடுத்தேன். அன்று இரவு மைத்துனருக்கு அனுப்ப இரண்டு நிமிடம் வெட்டி ‘சேமி’ கொடுத்தேன். எங்கள் தொழிலில் வெட்டுவது என்றால் மூலம் ஹார்ட் டிஸ்கில் இருக்கும், நாங்கள் வெட்டுவது டைம்லைனில் மட்டும்தான் நடக்கும். இருபது வருடப் பழக்கத்தில் விரல் தானாகப் போய்விட்டது. பாட்டி நலங்கு வைத்தது அந்த இரண்டு நிமிடத்துக்குள் இல்லை.

மீட்டுத்தருவதாகச் சொல்லும் மூன்று செயலிகளைப் போட்டுப் பார்த்தேன். அவை கொண்டுவந்தவை எல்லாம் பழைய வாட்ஸாப் காலை வணக்கப் படங்கள். ஒரு கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

கோடுவழி | 10 ஜூலை, இரவு 9.45

ஸ்டுடியோ அண்ணா, அந்தக் கடைக்காரர் நேர்மையானவர். போனின் உள்சேமிப்பு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அதோடு, இனித் தேவையில்லை என்று குறிக்கப்பட்ட இடங்களை இரவில் சார்ஜில் கிடக்கும்போது போன் தானாகவே துடைக்கச் சொல்லிவிடும். அந்தத் துடைப்புக் கட்டளைக்கும் பெயர் டிரிம்தான்; கேலரியின் டிரிம்முக்கும் அதற்கும் வேறு உறவு இல்லை, ஆனால் உங்கள் விஷயத்தில் முதல் டிரிம் தொடங்கியதை இரண்டாவது டிரிம் முடித்துவைத்தது. மேகச் சேமிப்பில் முன்பே ஏறியிருந்தால் மட்டும் ஒரு வழி இருந்திருக்கும்.

மாட்டுங்காவாசி ஐயா, உங்கள் கை நடுங்கவில்லை. வீடியோவில் எல்லாப் படங்களும் முழுப் படங்களாக இருப்பதில்லை. போன் கேமரா பெரும்பாலும் விநாடிக்கு ஒருமுறை ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, நடுவில் வருபவற்றை முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பாக மட்டுமே எழுதும். அந்த முழுப் படத்தைக் கீஃப்ரேம் என்போம். குறிப்பிலிருந்து வீடியோவைத் தொடங்க முடியாது என்பதால், அவசரமாக வெட்டும் கேலரி நீங்கள் காட்டிய இடத்துக்கு முந்தைய கீஃப்ரேமுக்குப் பின்வாங்கி அங்கிருந்து அப்படியே நகலெடுத்துக்கொள்கிறது. அதனால்தான் 1.4 ஜிபி வீடியோவிலும் வெட்டு சில விநாடிகளில் முடிகிறது, தரமும் குறைவதில்லை. சொன்ன இடத்தில் அச்சாக வெட்டவேண்டுமென்றால் படங்களை மறுபடி சுருக்கி எழுதவேண்டும், அப்போது நேரமும் ஆகும், தரமும் சற்றுக் குறையும்.

இடப்பற்றாக்குறையைப் பற்றி நேற்றே சொல்லியிருக்கவேண்டும், விட்டுவிட்டேன். இடம் இல்லாததால் மேலெழுதுகிறேன் என்ற உங்கள் கணக்கு தொடக்கத்திலேயே தவறு. ஒரு எம்பி4 கோப்பைத் துணியை வெட்டுவதுபோல இரு ஓரங்களிலும் வெட்டி எறிய முடியாது. ஒவ்வொரு படமும் கோப்பில் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்ற அட்டவணை அதற்குள் இருக்கிறது, தொடக்கம் நகர்ந்தால் அந்த அட்டவணை முழுவதும் மாறவேண்டும். ஆகவே ஒழுங்காக எழுதப்பட்ட செயலி முதலில் துண்டைத் தனிக் கோப்பாக எழுதி முடித்துவிட்டு, அதன்பிறகே மூலத்தின் பெயரை அதற்குச் சூட்டும். உங்கள் 1 நிமிடம் 20 விநாடிக்கு ஏறத்தாழ 170 எம்பி வேண்டும். ‘சேமி’ என்றாலும் ‘நகலாகச் சேமி’ என்றாலும் அந்த 170 எம்பி அந்த நேரத்தில் காலியாக இருந்தாகவேண்டும், உங்களிடம் 600 இருக்கிறது. நகலைச் சேமித்துப் பார்த்துவிட்டுப் பிறகு மூலத்தை அழிப்பது உங்களுக்கு ஒரு எம்பிகூட அதிகச் செலவு வைக்காது, தொட்டியின் 30 நாளையும் கூடுதலாகப் பெற்றுத்தரும். தொட்டியில் கிடக்கும்வரை இடம் விடுபடாது என்பது மட்டும்தான் அதற்கான விலை.

கோடுவழி | 10 ஜூலை, இரவு 10.20

என்னையே ஒரு இடத்தில் திருத்திக்கொள்கிறேன். வெட்டிய கோப்பு பின்வாங்கிய அந்த ஒரு விநாடியை எல்லாக் கேலரிகளும் வெளிப்படையாகக் காட்டுவதில்லை. சில, அந்த விநாடியைக் கோப்பிலேயே வைத்துக்கொண்டு, இதைத் தவிர்த்து ஓட்டு என்று ஒரு குறிப்பை மட்டும் சேர்த்துவிடும். வெட்டிய போனில் மறைந்திருக்கும், வேறு பிளேயரில் திறந்தால் தெரிந்துவிடலாம். வெட்டப்பட்டது யார் கண்ணிலும் படக்கூடாத காட்சி என்றால் வெட்டை ஓரிரு விநாடி தள்ளிவையுங்கள்.

சயான் சரோஜா | 11 ஜூலை, காலை 8.30

நேற்று இரவு என் போனைச் சோதித்தேன். வெட்டிய நாற்பதுக்கும் மேற்பட்ட வீடியோக்களில் ஒவ்வொன்றிலும் `Revert` இருக்கிறது, அதாவது ஒவ்வொன்றின் முழு நீளமும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றரை ஆண்டாக இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று எண்ணிக்கொண்டு நான் செய்துவந்தது வீட்டுச் சாமான்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவதுபோல இருந்திருக்கிறது. எல்லாப் போன்களும் ஒன்று என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இன்னொரு கேள்வி. வெட்டிய வீடியோவை மகனுக்கு அனுப்பினால் அவன் தன் ஆண்ட்ராய்டு போனில் அதை முழு வீடியோவாக்கிவிட முடியுமா? ஒரு வீடியோவில் மருமகளைப் பற்றி நான் சொன்னது இருக்கிறது.

கோடுவழி | 11 ஜூலை, காலை 9.00

சாதாரணமாகப் பகிர்ந்தால் வெட்டிய துண்டு மட்டுமே போகும் அம்மா, `Revert` உங்கள் போட்டோஸ் நூலகத்துக்குள் மட்டும்தான். ஆனால் உங்கள் போனையே அவர் கையில் கொடுத்தால் எடுத்துவிடலாம். அந்த ஒரு வீடியோவை மட்டும் `Save Video as New Clip` என்று துண்டாக்கிக்கொண்டு, மூலத்தை அழித்து, சமீபத்தில் அழித்தவை என்ற பகுதியிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

மாட்டுங்காவாசி | 11 ஜூலை, இரவு 8.40

நகலாகச் சேமித்துச் செயலாளருக்கு அனுப்பிவிட்டேன். புதிய வம்பு ஒன்று வந்திருக்கிறது. மூலத்தின் பெயர் `VID_20240707_061214.mp4`, விவரங்களில் 7 ஜூலை காலை 6.12 என்று இருக்கிறது. நகலோ கேலரியில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பக்கத்தில் நிற்காமல் இன்றைய தேதியில் போய் நிற்கிறது, எடுத்த இடமும் காணவில்லை. மேல்வீட்டுக்காரர் கூட்டத்தில் தன் போனில் அந்த விவரத்தைக் காட்டி, ஞாயிற்றுக்கிழமை கசிந்தது என்பதற்கு என்ன சாட்சி, இது நேற்று வாளியில் ஊற்றி எடுத்ததாக இருக்கலாம் என்கிறார். வாளியில் ஊற்றிக் கூரையிலிருந்து கொட்டவைக்கும் வித்தை எனக்குத் தெரிந்திருந்தால் நான் மாட்டுங்காவில் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கமாட்டேன்.

கோடுவழி | 11 ஜூலை, இரவு 9.30

துண்டைப் புதிதாக எழுதும் கருவி, எழுதிய நேரத்தையே உருவான நேரமாகக் கோப்பில் பதித்துவிடுகிறது. பழைய தேதியையும் இடத்தையும் கேலரி எழுதியவர் நினைவாக எடுத்துவந்து வைத்தால்தான் உண்டு. வாட்ஸாப்பில் போனது மேலும் ஒருமுறை சுருக்கப்பட்டிருக்கும். நீங்கள் மேலெழுதியிருந்தால் நிலைமை இதைவிட மோசமாக இருந்திருக்கும்: பெயர் 7ஆம் தேதி என்று சொல்லும், உள்ளிருக்கும் தேதி 11 என்று சொல்லும், திருத்தியதற்கான ஆதாரத்தை நீங்களே எடுத்துக்கொடுத்ததுபோல ஆகியிருக்கும். இப்போது மூலம் உங்களிடம் இருக்கிறது, அதைக் காட்டுங்கள்.

தாராவி ஸ்டுடியோ | 12 ஜூலை, மதியம் 1.15

நான் இழந்தவன்தான், ஆனாலும் எல்லாவற்றுக்கும் நகல் என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். என் அம்மா போனில் ஒரே வீடியோவுக்கு நான்கு வெட்டுகள் கிடக்கின்றன, நான்கும் ஒரே முதல்படத்தோடு. போன் நிரம்பியதும் அம்மா நீளமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பதாக நினைத்து மூலத்தை அழித்துவிட்டார், தொட்டியையும் காலி செய்துவிட்டார். நகல் வழியிலும் மூலம் போகிறது, மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான். தவறிச் செருப்பைக் காட்டும் முதல் மூன்று விநாடியை வெட்டுவதற்கெல்லாம் புதுக் கோப்பு எதற்கு?

கோடுவழி | 12 ஜூலை, இரவு 10.05

எங்கள் குழுவிலும் பாதிப்பேர் இதையேதான் சொன்னார்கள். இரண்டு பொத்தான்களும் ஒரே அளவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மக்கள் சின்னச் சொல்லைத்தான் தட்டுகிறார்கள், சின்னச் சொல் ‘சேமி’. சேமி என்றால் காப்பது என்று பொருள், இங்கே அது பாதியை அழிக்கிறது. நான் கேட்டது வேறு ஒன்று: எப்போதும் நகலாக எழுதுங்கள், எழுதி முடித்தபின் ‘மூலத்தைத் தொட்டிக்கு அனுப்பவா?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். நகலும் பெருகாது, 30 நாள் அவகாசமும் கிடைக்கும். கேள்வி கேட்டால் மக்களுக்கு எரிச்சல் வரும் என்று மறுத்துவிட்டார்கள். அண்ணா சொல்லும் மூன்று விநாடி வெட்டுக்கு அந்தக் கேள்வி தொல்லைதான் என்பதை நானும் மறுக்கவில்லை. முழு நீளத்தில் எத்தனை பங்கு வெட்டப்படுகிறது என்று பார்த்துக் கேட்கலாமா என்றும் யோசித்தோம், எத்தனை பங்கு என்பதில் இருவர்கூட ஒத்துப்போகவில்லை.

அந்தேரி மணி | 13 ஜூலை, காலை 7.20

நான் முதலில் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை. வாட்ஸாப்பில் வெட்டினால் மூலத்தை அது தொடுவதே இல்லை, தற்செயலாகக்கூட மேலெழுத முடியாது. கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், ஆனால் பதில் சரியாக இருந்திருக்கிறது.

மாட்டுங்காவாசி | 14 ஜூலை, மாலை 6.10

மணி அவர்களுக்குப் பாதி மதிப்பெண். தரம் குறைவதற்காக மீதியைப் பிடித்துக்கொள்கிறேன்.

மூலத்தைக் கேபிள் வழியாக மடிக்கணினிக்கு மாற்றினேன். இரண்டு பக்கமும் பைட் கணக்கு ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு, முதலிலும் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்தபிறகே போனிலிருந்து அழித்தேன். இன்று காலை செயலாளர், மேல்வீட்டுக்காரர், நான் மூவரும் உட்கார்ந்து பதினொரு நிமிடத்தையும் பார்த்தோம். தேதியில் பேச்சில்லை.

ஆனால் ஏழாவது நிமிடத்தில், நான் பாத்திரம் மாற்றக் குனியும்போது, கேமரா சில விநாடிகள் குழாய்கள் இறங்கும் சந்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. தண்ணீர் அங்கிருந்துதான் சுவரோடு வந்து கூரையில் பரவுகிறது. மேல்வீட்டுக் குளியலறைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை போலிருக்கிறது, மொட்டைமாடியிலிருந்து வரும் குழாயாக இருக்கலாம். நாளை பிளம்பர் வருகிறார். ஒன்றும் இல்லை என்று நான் வெட்டி எறிய இருந்த பத்து நிமிடத்துக்குள் அது இருந்தது. மேல்வீட்டுக்காரர் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார், போகும்போது முழு வீடியோவும் தனக்கு வேண்டும் என்றார். 1.4 ஜிபியை எப்படி அனுப்புவது?

அந்தேரி மணி | 14 ஜூலை, மாலை 6.25

வாட்ஸாப்பில். வீடியோவாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும், சுருக்கவும் செய்யாது. மீதி மதிப்பெண்ணையும் போட்டுவிடுங்கள்.